சீனியர்களுக்குப் போய் வருக சொல்லும் கவிதை

*சார், நான் பாலக்காடு சித்தூர் பக்கம் ஒரு காலேஜில் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம். மார்ச் கடைசியில் எங்கள் சீனியர்கள் 31 பேருக்கு செண்ட் ஆஃப். ஜூனியர்கள் சார்பாக நான்தான் கவிதை வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மலையாளம் மட்டும் தெரிந்த மற்ற டிபார்ட்மென்ட்காரர்களும் ஹாலில் இருப்பார்கள். எழுதிய நான்கு வரி கீழே. நன்றாக இல்லை என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. முதல் நாள் நோட்டீஸ் போர்டில் மலையாளம் படிக்கத் தெரியாமல் நின்றபோது ஒரு அக்கா விரல் வைத்துப் படித்துச் சொன்னதிலிருந்து அவர்கள் எங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அதையெல்லாம் எப்படிக் கவிதையாக்குவது?*

*கண்களில் கண்ணீர் கடலாய்ப் பெருகுதே*
*கல்லூரி வாழ்க்கை கனவாய்க் கரைந்ததே*
*பிரிவெனும் நெருப்பில் இதயம் எரியுதே*
*பறக்கும் பறவைகளே வாழ்க வாழ்கவே*

கண்ணு, உன் கவிதை அந்த நான்கு வரியில் இல்லை. அதற்கு மேலே, கேள்வியின் நடுவில், நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. அதை நீ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய்.

நான்கு வரி ஏன் ஒட்டவில்லை என்பதை முதலில் பார்ப்போம். புறத்திணையில் கையறுநிலை என்று ஒரு துறை படித்திருப்பாய். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் செயலற்று நின்று பாடுவது. உன் வரிகளை இறந்துபோன ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று படிப்பதாக நினைத்துப் பார். கடைசியில் வரும் "வாழ்க"வைத் தவிர ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கண்ணீர்க்கடல், கரைந்த கனவு, எரியும் நெஞ்சு, பறந்த பறவை என்று நாலும் இரங்கற்பாவுக்கு அப்படியே பொருந்தும். உன் சீனியர்களோ செத்துப் போகவில்லை. ஏப்ரலில் பரீட்சை எழுத அதே பஸ்ஸில் வரப்போகிறார்கள். மேடையில் நீ அழுது முடித்த மறுவாரம் கான்டீனில் எதிரே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அதனால்தான் உனக்கே கூச்சமாக இருக்கிறது.

வழியனுப்புக் கவிதை எதை எழுதினாலும் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்துவிடு. இறந்தவருக்குப் படித்தாலும் பொருந்தும் வரியை எடுத்துவிடு. நான் பார்த்த செண்ட் ஆஃப் கவிதைகளில் பாதிக்கு மேல் இதில் அடிபட்டுப் போகும்.

அந்த இடத்தில் எதை வைப்பது? உன் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடு. "ஒரு சீனியர் உனக்குச் செய்த ஒரு காரியம், எங்கே, எப்போது" என்று மட்டும் கேள். "வழிகாட்டினார்கள்", "அன்பாக இருந்தார்கள்" என்று வருவதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடு. அவை உணர்ச்சிக்கு வைத்த பெயர்கள், நடந்தவை அல்ல. விரல் வைத்துப் படித்தாள், பொதிச்சோற்றில் மீன் துண்டைத் தள்ளி வைத்தான், கடைசி பஸ்ஸில் பை போட்டு இடம் பிடித்தாள் என்று கை, கால், பொருள் தெரிகிற மாதிரி இருப்பதை வைத்துக்கொள். இருபது காகிதத்தில் ஐந்தாறு தேறும். ஐந்து நிமிடத்துக்கு அது போதும்.

இனி வடிவம். புதுக்கவிதையாகவும் எழுதலாம், தடையில்லை. ஆனால் உன் ஹாலை யோசி. பின்வரிசையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், மைக் கரகரக்கும், கேட்பவர்களில் ஒரு பகுதிக்குத் தமிழ் அரைகுறை. கண்ணால் படிக்கும்போது அழகாக இருக்கும் வரி ஒடிப்பு அங்கே யாருக்கும் கேட்காது. காதில் விழுவது தாளமும் எதுகையும்தான். அதனால் அறுசீர் விருத்தம் எடுத்துக்கொள் என்பேன்.

எதுகைக்கு உன் ஊரில் தனி மதிப்பு இருப்பது இன்னொரு காரணம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த லீலாதிலகம் என்ற மணிப்பிரவாள இலக்கண நூல், "பாட்டு" என்ற வகைக்கு இலக்கணம் சொல்லும்போது திராவிட எழுத்துகளால் ஆனதாகவும் "எதுக", "மோன" உடையதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நம் எதுகையும் மோனையும்தான், பெயர்கூட மாறவில்லை. பிற்காலத்தில் மலையாளக் கவிஞர்கள் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை த்விதீயாட்சரப் பிராசம் என்றார்கள். அது கவிதைக்குக் கட்டாயமா இல்லையா என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேரளவர்மா வலிய கோயித்தம்புரானும் அவர் மருமகன் ஏ.ஆர். ராஜராஜவர்மாவும் இரண்டு கட்சியாக நின்று வாதாடினார்கள். மாமன் வேண்டும் என்றார், மருமகன் வேண்டாம் என்றார். உன் ஹாலில் உட்காரும் மலையாளம் எம்.ஏ. மாணவனுக்கு இந்த வழக்கு பாடத்திலேயே இருக்கும். பொருள் பாதி புரியாவிட்டாலும் நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து வந்து விழுவதை அவன் காது பிடித்துக்கொள்ளும்.

காரிகை படித்திருப்பதால் வாய்பாடு உனக்குப் புதிதல்ல. அரை அடிக்கு மா, மா, காய். இன்னொரு அரைக்கும் அதே மா, மா, காய். இப்படி ஆறு சீர் ஓர் அடி, நான்கு அடி ஒரு விருத்தம். முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் மோனை. நான்கு அடிக்கும் எதுகை.

நோட்டீஸ் போர்டை எடுத்துக்கொண்டேன். முதலில் "போர்டு" என்றே வைத்துப் பார்த்தேன். "ர்" எதுகையில் நல்ல சொல் சிக்கவில்லை. "பலகை" என்று மாற்றியதும் வலது, சிலநாள், பலர் என்று சொற்கள் தாமாக வந்து நின்றன. எதுகைச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. அடி எழுதத் தொடங்கும் முன் காகிதத்தின் ஓரத்தில் ஏழெட்டு எதுகைச் சொல் எழுதி வை. கதைக்குத் தேவையான சொல் அதில் இரண்டாவது இல்லையென்றால் அந்த எதுகையை விட்டுவிடு.

பலகை முன்னே நின்றிருந்தோம்
  படிக்கத் தெரியா எழுத்தெல்லாம்;
வலது கையின் விரல்வைத்து
  வரியாய் வரியாய்ச் சொன்னீர்கள்;
சிலநாள் போக நாங்களுமே
  சேர்ந்து படித்தோம் மலையாளம்;
பலரும் வருவார் அடுத்தாண்டு;
  பலகை மேலெம் விரலிருக்கும்.

(அடி நீளம் என்பதால் இரண்டாக மடித்து எழுதியிருக்கிறேன். மொத்தம் நான்கு அடிதான்.)

கடைசி அடியை அலகிட்டுக் காட்டுகிறேன். பல/ரும் புளிமா, வரு/வார் புளிமா, அடுத்/தாண்/டு புளிமாங்காய். பல/கை புளிமா, மே/லெம் தேமா, விர/லிருக்/கும் கருவிளங்காய். மா எதுவானாலும் சரி, காய் எதுவானாலும் சரி. "மேலே எங்கள் விரல்" என்றுதான் முதலில் வாயில் வந்தது. அப்படி விட்டால் ஒரு சீர் கூடிப்போகும், முடிவில் காயும் இருக்காது. "மேலெம்" என்று சேர்த்துக் குறுக்கி, "இருக்கும்" என்ற வினையை விரலோடு ஒட்டியதும் சரியானது.

இதில் ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. மூன்றாம் அடியில் "நாங்களுமே" என்பதன் ஏகாரம் வெறும் அசை நிரப்பி. பொருளுக்கு அது தேவையில்லை, காய்ச்சீர் வேண்டும் என்று ஒட்டியது. விருத்தத்துக்கு ஒன்று என்றால் காது மன்னிக்கும். அடிக்கு ஒரு "தானே", "அங்கே", "நன்றே" என்று வந்தால் எழுதியவனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று கேட்பவர்களுக்குத் தெரிந்துபோகும். எழுதிய பின் திரும்ப வாசித்து இந்த ஏகாரங்களை எண்ணு.

நான்காம் அடி என்ன செய்கிறது என்று கவனித்தாயா? "உங்களை மறக்க மாட்டோம்" என்று சொல்லவில்லை. நீங்கள் செய்ததை அடுத்த ஆண்டு நாங்கள் செய்வோம் என்கிறது. ஜூனியர் சீனியருக்குத் தரக்கூடிய உறுதிமொழி அது ஒன்றுதான், அதில் பொய் கிடையாது. ஆகவே ஒவ்வொரு விருத்தத்தையும் முதல் மூன்று அடியில் நடந்ததைச் சொல்லி, நான்காவதில் காலத்தைத் திருப்பு. எல்லா விருத்தத்திலும் ஒரே மாதிரித் திருப்பினால் சலிக்கும். ஒன்றில் வரப்போகும் ஆண்டு, ஒன்றில் ஒரு கேள்வி, ஒன்றில் ஒரு கேலி என்று மாற்றிக்கொள்.

அடுத்தது பொதிச்சோறு. இதற்கு "தி" எதுகை.

பொதியை அவிழ்த்தால் பத்துக்கை;
  புளிச்சோ றெல்லாம் பொதுச்சோறு;
மதியப் பசியில் அக்காமார்
  மட்டும் கடைசிப் பிடியுண்டார்;
புதிய பிள்ளை தயங்கிநின்றால்
  பொரித்த மீனைத் தள்ளிவைத்தார்;

நான்காம் அடியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உன் வகுப்பில் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. நான் எழுதினால் பொதுவாகத்தான் வரும். எதிர், உதிர், அதிர், விதி, நதி, கதி என்று சொற்கள் இருக்கின்றன. "பாதி", "வீதி" சேராது. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். "பொதி"யில் முதல் எழுத்து குறில், ஆகவே நான்கு அடியும் குறிலில்தான் தொடங்க வேண்டும். மாணவர் விருத்தங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. கண்ணுக்கு எதுகை இருப்பதுபோலத் தெரியும், வாசித்தால் தட்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 31 பெயரையும் கவிதைக்குள் கொண்டுவர நினைக்காதே. மாணவனாக இருந்தபோது நானும் இப்படி ஒரு கவிதை வாசித்தேன். வாய்பாட்டில் உட்கார்ந்த ஏழு பெயரை மட்டும் போட்டேன். மற்றவர்களில் ஓர் அண்ணன், எனக்கு ஒரு வருடம் முழுக்கப் புத்தகம் கொடுத்தவர், கை தட்டாமல் எழுந்து போனார். அவர் பெயர் கனிச்சீராகப் போய்விட்டது என்று அவரிடம் எப்படி விளக்குவது? பெயர்களைத் தனியே அகர வரிசையில் வாசித்துவிட்டுக் கவிதையைத் தொடங்கு, அல்லது வாழ்த்துமடலின் கீழே எல்லாப் பெயரையும் அச்சிடு. கவிதைக்குள் "அக்கா", "அண்ணா", வேண்டுமானால் "சேச்சி", "சேட்டா" போதும். விரல் வைத்தது தான்தான் என்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

காதல் ஜோடிக் கேலியும் வேண்டாம். ஹாலில் அம்மா அப்பா உட்கார்ந்திருக்கக்கூடும்.

முடிவு விருத்தத்தில்தான் எல்லையோர ஊர்க்காரி என்ற உன் வசதியைப் பயன்படுத்த வேண்டும். நம் வீட்டில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிப் படி இறங்குவதில்லை, "போயிட்டு வரேன்" என்போம். மலையாளத்திலும் "போயிட்டு வராம்" என்றுதான் சொல்வார்கள். வழியனுப்புகிறவர் சொல்வது தமிழில் "போய் வருக", மலையாளத்தில் "போயி வரிக". ஓரிரு உயிர் முன்னே பின்னே இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஹால் முழுவதும் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரு சொல் உன் கையில் இருக்கிறது. அதைக் கடைசிச் சீரில் வை.

போவோம் என்று சொல்லாதீர்;
  போய்வந் திடுவோம் எனச்சொல்வீர்;
காவல் நின்ற கரும்பனையும்
  காற்றும் வழியில் நிற்கிறது;
நாவில் இரண்டு மொழியிருந்தும்
  நடுவில் சொல்ல ஒருசொல்தான்;
கூவிச் சொல்வோம் இருபக்கம்
  கூடி நின்று: போய்வருக!

இங்கே எதுகை வோ, வ, வி, வி. உயிர் மாறினாலும் வகரம் ஒன்றாக இருப்பதால் இது வருக்க எதுகை, வழு இல்லை. ஆனால் இப்போது முதல் எழுத்து எல்லாம் நெடில், பார்த்தாயா? பனையும் காற்றும் இட்டு நிரப்பியவை அல்ல. மார்கழி, தையில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றில் பஸ்ஸுக்கு நின்று புத்தகத்தால் முகம் மறைத்திருந்தவர்களுக்கு அது புரியும். அதே இடத்தில் தென்றலும் ரோஜாவும் வைத்தால் எந்த ஊர்க் கல்லூரிக்கும் பொருந்திவிடும்.

நேரம்: நிதானமாகச் சொன்னால் ஒரு விருத்தத்துக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஐந்து நிமிடத்தில் பெயர் வாசிப்பு, கைதட்டல் போக ஆறு விருத்தம் தாங்கும். அதற்கு மேல் எழுதாதே. எழுதியிருந்தாலும் பலவீனமானதை எடுத்துவிடு. மூன்று என் பங்கு, அதிலும் ஓர் அடி கடன் இருக்கிறது. மூன்று உன் வகுப்பின் காகிதங்களிலிருந்து வரட்டும்.

வாசிக்கும்போது காய்ச்சீரில் மூச்சு விடு, அடி நடுவில் வேறெங்கும் நிறுத்தாதே. மா, மா என்று இரண்டு எட்டு, காயில் ஒரு சின்ன நிறுத்தம், அவ்வளவுதான் தாளம். ராகம் போட்டு இழுக்காமல் பேச்சுக் குரலிலேயே சொல். நோட்டீஸ் போர்டு விருத்தத்துக்கு முன்னால் மட்டும் நடந்ததை இரண்டு வாக்கியம் மலையாளத்தில் சொல்லிவிடு. அங்கே மலையாளம் படிக்கத் தெரியாமல் நின்ற பெண் இப்போது மேடையில் மலையாளம் பேசுகிறாள் என்பதே ஹாலுக்குப் போதுமான மொழிபெயர்ப்பு. கடைசி அடியை இரண்டு முறை சொல். முதல் முறை "கூடி நின்று" வரை வந்து நிறுத்தி, கையைக் காட்டி உன் வகுப்பைச் சொல்லவிடு. இரண்டாம் முறை எல்லோரும் சொல்வார்கள். இதை வகுப்பில் ஒரு நாள் ஒத்திகை பார்க்காமல் மேடையில் முயலாதே. முன்னறிவிப்பு இல்லாமல் கையை நீட்டினால் ஹால் உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வாழ்த்துமடலாக அச்சிட்டுச் சட்டம் போடுவதென்றால், அடிக்கும் முன் கடையில் போய் மாதிரிப் படியைப் பார். போனில் தட்டிய தமிழைச் சில கடைகளில் இருக்கும் பழைய எழுத்துருவில் ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். உன் கவிதையில் "போ" எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டு போ. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு அடிக்கச் சொல்.